மந்திரி புசாரை முதலமைச்சர் ஆக்கிவிடாதே

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாநகர் மன்றத்தின் அறிவிப்பையோ மாநில அரசின் அறிக்கையையோ செய்தியாக எழுதும்போது, பதவிகளுக்கும் அலுவலகச் சொற்களுக்கும் வடமொழி வழி வந்த சொல்லை எடுப்பதா, தமிழ்ச் சொல்லை எடுப்பதா என்று கேட்டிருந்தாய். ஒருவர் திருத்தியதை இன்னொருவர் மாற்றித் திருத்துவதால் குழம்பிப் போயிருக்கிறாய் என்றும் தெரிகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்ச் சொல்லிலிருந்து தொடங்கு. அந்தச் சொல் வாசகரை வேறொரு பதவிக்கோ வேறொரு நடவடிக்கைக்கோ கொண்டுபோய்விடும் என்றால் மட்டும் அதை விட்டுவிடு. ஆயர் ஈத்தாம் சந்தையில் கடை வைத்திருப்பவர் உன் செய்தியைப் படித்துவிட்டுச் சரியான அலுவலகத்துக்குச் சரியான நாளில் போய்ச் சேர வேண்டும். சொல் எங்கிருந்து வந்தது என்பதை அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும்.

தமிழ்ச் சொல்லிலிருந்து ஏன் தொடங்க வேண்டும்? பழைய நாளிதழ்களைப் புரட்டினால் காரியதரிசி, அக்கிராசனர், அபேட்சகர், பிரஜாவுரிமை என்றெல்லாம் இருக்கும். மறைமலையடிகள் 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், தமிழ்நாட்டில் தமிழை ஆட்சிமொழியாக்கிய 1956ஆம் ஆண்டுச் சட்டமும், மேடைப் பேச்சும் நாளிதழ்களும் சேர்ந்து அந்தச் சொற்களைச் செயலாளர், தலைவர், வேட்பாளர், குடியுரிமை என்று மாற்றின. கடல் கடந்து இங்கும் அவை வேரூன்றின. பற்றினால் மட்டும் இவை நிலைக்கவில்லை. வேட்பவர் வேட்பாளர், செயலைப் பார்ப்பவர் செயலாளர் என்று படிக்கிறவருக்குச் சொல்லே பொருளைச் சொல்லிவிடுகிறது. அபேட்சகர் என்ற சொல்லை முன்பே அறியாதவருக்கு அதற்குள் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. நம் நாட்டில் எல்லாரும் எழுதும் குடிநுழைவுத் துறை என்ற பெயரும் இப்படிப்பட்டதுதான். அதைத் தமிழ்ப்பள்ளி மாணவனும் விளங்கிக்கொள்வான். ஆகவே இரு சொற்களும் ஒரே பொருளைச் சம அளவு தெளிவாகத் தரும் இடத்தில் தயங்காமல் தமிழை எடு. தினம் என்று எழுதாமல் நாள் என்று எழுது, சமர்ப்பிக்க என்பதை விட்டுக் கொடுக்க என்று எழுது, சம்பந்தமாக என்ற இடத்தில் பற்றி என்று போடு.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஜ, ஷ, ஸ போன்ற எழுத்துகளைக் கொண்டு வடமொழியை அடையாளம் காணாதே. பிரதமர், அதிகாரி, நீதிபதி ஆகியவற்றில் அந்த எழுத்துகள் இல்லை. ஆனாலும் அவை வடமொழி வழி வந்தவை. மகஜரில் ஜ இருக்கிறது, ஆனால் அது அரபியிலிருந்து வந்தது. பதிவிலாகா என்பதில் உள்ள இலாகாவும் அரபிதான். எழுத்தைப் பார்த்துக் களையெடுப்பவர் பிரதமரை விட்டுவிட்டு மகஜரை மட்டும் வெட்டுவார். பிரதமர் என்ற சொல்லை எவரும் தவறாகப் புரிந்துகொள்வதில்லை. அதை மாற்றவும் தேவையில்லை.

இனி, எங்கே நிறுத்த வேண்டும் என்பதைப் பார்ப்போம். பினாங்கில் செய்தி எழுதுபவர் முதலில் கற்க வேண்டிய பாடம் மாநில அரசின் தலைமைப் பதவி. சுல்தான் அல்லது ராஜா போன்ற ஆட்சியாளர் உள்ள ஒன்பது மாநிலங்களில் அரசை நடத்துபவர் மந்திரி புசார். ஆட்சியாளர் இல்லாத பினாங்கு, மலாக்கா, சபா ஆகிய மாநிலங்களில் அந்தப் பதவிக்கு மலாயில் கெத்துவா மெந்தெரி என்று பெயர். நாம் அதை முதலமைச்சர் என்கிறோம். சரவாக்கிலும் முன்பு அதே பெயர்தான், 2022 முதல் அது பிரீமியர். மந்திரி வடமொழி, புசார் மலாய், ஆகவே கெடாவின் மந்திரி புசாரையும் முதலமைச்சர் என்றே எழுதலாம் என்று ஒருவருக்குத் தோன்றலாம். அப்படி எழுதினால் அது மொழித் திருத்தமாக நிற்காது, தகவல் பிழையாகிவிடும். அந்த மாநிலத்துக்கு ஆட்சியாளர் உண்டா, ஆளுநர் உண்டா என்பதையே அந்தப் பெயர் சொல்கிறது. பினாங்கும் கெடாவும் பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள். இரண்டு தலைவர்களும் ஒரே செய்தியில் வரும் நாள்கள் அடிக்கடி வரும். அன்று இருவருக்கும் ஒரே பட்டம் கொடுத்துவிட்டால், எவர் எந்த மாநிலத்தவர் என்று வாசகர் தடுமாறுவார்.

இதே இடத்தில் எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. தமிழ்நாட்டு நாளிதழ் நடையைப் பின்பற்றி, பினாங்கு ஆட்சிக்குழு உறுப்பினரை மாநில அமைச்சர் என்று எழுதிவிடுகிறார்கள். அமைச்சர் நல்ல தமிழ்ச் சொல்தான். ஆனால் பினாங்கில் ஆட்சிக்குழுவினருக்கு அந்தப் பட்டம் இல்லை. இங்கே அமைச்சர் என்றால் வாசகர் புத்ராஜெயாவை நினைப்பார். அப்படியே துணையமைச்சரும் துணை முதலமைச்சரும் வேறு வேறு. முதலாமவர் கூட்டரசு அமைச்சில் இருப்பவர். இரண்டாமவர் பினாங்கில் இருப்பவர், அதுவும் இருவர். தலைப்பில் இடம் போதவில்லை என்று முதல் என்ற சொல்லை உதிர்த்துவிட்டால் ஆளே மாறிவிடுவார்.

அடுத்தது சட்ட நடவடிக்கை. இதற்கு ஒரு மாதிரியை எடுத்து முழுமையாகப் பார்த்துவிடலாம். மக்கள் வாய்ப்பேச்சில் சுக்காய் பிந்து என்று சொல்லும் மதிப்பீட்டு வரியை பினாங்குத் தீவில் மாநகர் மன்றம் வாங்குகிறது. நில வரி வேறு, அது நில அலுவலகத்துக்குப் போகிறது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி, மன்றம் புதிய மதிப்பீட்டுப் பட்டியல் தயாரித்தால் வீட்டுக்காரருக்கு அதை மறுத்துக் கேட்கும் உரிமை உண்டு. பட்டியல் மறுஆய்வுக்கு வரும் நாளுக்குக் குறைந்தது 14 நாள்களுக்கு முன்பே அதை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். அறிவிப்பு மலாயில் வருகிறது. அதில் பந்தாஹான் என்று ஒரு சொல் இருக்கிறது. அதைத் தமிழில் எப்படி எழுதுவாய்?

பழைய நடையில் எழுதுபவர் இப்படி எழுதுவார்: “மதிப்பு நிர்ணயப் பட்டியல் சம்பந்தமாக ஆட்சேபம் உள்ளவர்கள் பரிசீலனை தினத்துக்கு 14 தினங்கள் முன்னதாக லிகித பூர்வமாகச் சமர்ப்பிக்க வேண்டும்.” இதில் பிழை இல்லை. ஆனால் லிகித பூர்வமாக என்ற இடத்தில் இளைய வாசகர் நின்றுவிடுவார்.

தூய தமிழில் எழுத விரும்புபவர் இப்படி எழுதலாம்: “தீர்வைப் பட்டியலுக்கு எதிர்ப்புத் தெரிவிக்க விழையும் உடைமையாளர்கள் மீளாய்வு நாளுக்கு 14 நாள் முன்பே எழுத்தில் ஒப்படைக்க வேண்டும்.” படிக்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று சொற்கள் வழி தவறிவிட்டன. தீர்வை என்றதும் சுங்கத் தீர்வைதான் நினைவுக்கு வரும். உடைமை என்றால் விமான நிலையத்தில் கொண்டுபோகும் பை, பெட்டி. எதிர்ப்பு என்றால் பதாகை பிடித்து நிற்பது. நிருபரின் இந்த வாக்கியத்தைப் பார்த்துத் தலைப்பு போடுபவர் “வரிக்கு எதிர்ப்பு” என்று எழுதிவிட்டால், படிவம் நிரப்ப வேண்டிய வீட்டுக்காரர் யாரோ போராட்டம் நடத்துகிறார்கள் என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். கெடு நாளும் கடந்துவிடும்.

எதிர்ப்பு வேண்டாம் என்றால் மறுப்பு என்று போடலாமா? செய்தி மொழியில் மறுப்பு என்றால் ஒருவர் தன்மேல் வந்த குற்றச்சாட்டை இல்லை என்று சொல்வது. முறையீடு? மன்றத்தின் முடிவும் நிறைவு தராவிட்டால் வீட்டுக்காரர் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அந்த அடுத்த படிக்கு மேல்முறையீடு என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. முதல் படியையும் முறையீடு என்று எழுதினால் இரண்டு படிகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆகவே இந்த ஓர் இடத்தில் ஆட்சேபம்தான் சரி. அது வடமொழி, ஆனால் வாசகருக்குத் தெரிந்த சொல், வேறு எதையும் குறிக்காத சொல்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: “உங்கள் வீட்டுக்கு மாநகர் மன்றம் குறித்திருக்கும் ஆண்டு மதிப்பு சரியில்லை என்று நினைத்தால், மறுஆய்வு நாளுக்குக் குறைந்தது 14 நாள்களுக்கு முன்பே எழுத்து மூலம் ஆட்சேபம் (பந்தாஹான்) தெரிவிக்க வேண்டும்.” அடைப்புக்குறிக்குள் மலாய்ச் சொல்லைக் காரணத்தோடுதான் வைத்தேன். படிவத்திலும் கவுண்டரிலும் வாசகர் சந்திக்கப்போவது அந்தச் சொல்லைத்தான். முதல் முறை மட்டும் கொடுத்தால் போதும். ஆண்டு மதிப்பு என்பதையும் விட்டுவிடாதே. அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு கிடைக்கும் என்ற கணிப்புதான் அது. ஆட்சேபத்தை அந்த மதிப்பு போன்ற பட்டியல் விவரங்களின்மேல்தான் எழுப்ப முடியும், வரி விழுக்காடு அதிகம் என்று எழுப்ப முடியாது. வரிக்கு ஆட்சேபம் என்று சுருக்கினால் வாசகர் செல்லாத காரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்புவார்.

இன்னும் ஒன்று, நம் சமூகத்துக்கு மிக நெருக்கமானது. நீல அடையாள அட்டை வைத்திருப்பவர் குடிமகன், சிவப்பு அட்டை வைத்திருப்பவர் நிரந்தரவாசி. பிரஜை குடிமகனானதும், பிரஜாவுரிமை குடியுரிமையானதும் நல்ல மாற்றங்கள். அதே வேகத்தில் நிரந்தரவாசியை நிலைக்குடியினர் என்று ஆக்கிவிடக் கூடாது. இரண்டு சொற்களிலும் குடி வந்துவிட்டால், வாக்குரிமை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள வேறுபாடு சொல்லளவில் மங்கிவிடும். குடியுரிமைக்காகப் பல ஆண்டுகள் அலையும் ஒரு குடும்பம், தங்களுக்கு அது கிடைத்துவிட்டது என்றே படித்துவிடக்கூடும். இங்கே வடமொழிச் சொல் வேலியாக நிற்கிறது. அதை அப்படியே விட்டுவிடு.

வேலைக்கு உட்காரும்போது இந்த வரிசையில் செய். அறிவிப்பில் உள்ள ஒவ்வொரு பதவிக்கும் நடவடிக்கைக்கும் மலாய்ச் சொல்லைத் தாளில் எழுதி, பக்கத்தில் உனக்குத் தோன்றும் தமிழ்ச் சொல்லை எழுது. பிறகு தமிழ்ச் சொல்லை மட்டும் பார்த்து, மலாய் நாளிதழில் இதற்கு என்ன சொல் வரும் என்று உன்னையே கேட்டுக்கொள். இரண்டு வேறு மலாய்ச் சொற்கள் நினைவுக்கு வந்தால் உன் தமிழ்ச் சொல் இரு பொருள் தருகிறது என்று தெரிந்துகொள். அப்போதுதான் பழைய வழக்குச் சொல்லைத் தேடு. நாளிதழ்க் கோப்பைப் பார்த்துப் பெயர்களை எடுக்கும்போது ஆண்டையும் கவனி. பினாங்குத் தீவின் மன்றம் 2015இல்தான் மாநகர் மன்றம் ஆனது. அதற்குச் சற்று முந்தைய செய்திகளில் நகராண்மைக் கழகம் என்றே இருக்கும். கடைசியாக, முடிவு செய்த சொல்லை ஒரு செய்திக்குள் மாற்றாதே. முதல் பத்தியில் ஆட்சேபம், மூன்றாம் பத்தியில் மறுப்பு என்று எழுதினால் வாசகர் இரண்டையும் தனித்தனி நடவடிக்கை என்றே எடுத்துக்கொள்வார்.

இப்படி நிறுத்திவைக்க வேண்டிய சொற்கள் உனக்கு மிகக் குறைவாகவே வரும். மற்ற இடங்களிலெல்லாம் தமிழ் எழுது, முழுத் துணிவோடு எழுது. நிறுத்திவைத்த ஒவ்வொன்றுக்கும் காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதிவை. நாளை ஒருவர் ஏன் ஆட்சேபம் என்று போட்டாய் என்று கேட்டால், உயர் நீதிமன்றத்துக்குப் போகும் மேல்முறையீட்டைக் காட்டி விளக்கு. அவர் அதைவிடத் தெளிவான தமிழ்ச் சொல்லைத் தந்தால், மறுநாளே மாற்றிக்கொள்.

அன்புடன்,
உன் மூத்த நிருபர்