பழைய குடும்பப் படத்தைக் கைத்தொலைபேசியில் பிரதி எடுத்தல்

2009 இடப்பெயர்வில் காப்பாற்றிக் கொண்டுவந்த படங்களைப் பலர் இலமினேற் செய்து வைத்திருக்கிறீர்கள். அந்தப் பளபளப்பில் வெளிச்சம் பட்டால் பிரதியில் முகம் மறைந்துவிடும்.

1. வெயில் விழாத விறாந்தையில் படத்தைப் பலகையில் வையுங்கள். முற்றத்து வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரட்டும். பிளாஷ் வேண்டாம்.

2. உங்கள் நிழல் படத்தில் விழாதபடி முற்றத்தைப் பார்த்து நில்லுங்கள்.

3. தொலைபேசியைப் படத்துக்கு நேர் மேலே மட்டமாகப் பிடியுங்கள். ஒரு விளிம்பு எதிர் விளிம்பைவிட நீளமாகத் தெரிந்தால், அந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறது, சற்று உயர்த்துங்கள்.

4. வெள்ளைத் திட்டுத் தெரிந்தால் தொலைபேசியைச் சரிக்காதீர்கள், விளிம்பு கோணலாகும். பலகையை வீட்டுக்குள் சற்றுத் தள்ளுங்கள்.

எடுத்ததும் பெருப்பித்துக் கண்களைப் பாருங்கள். தெளிவில்லையென்றால் மீண்டும் எடுங்கள். இலமினேற்றைப் பிரிக்க வேண்டாம், படம் கிழிந்துவிடும்.