பாலின் பங்கை முதலில் எழுது

அன்புள்ள தங்கைக்கு,

ஆம்பூரில் நீ உணவு ஆலோசனை அறை திறந்திருப்பதையும், பிரசவமான பெண்கள் பலர் உடம்பைக் குறைக்க வழி கேட்டு வருவதையும், பால் கொடுக்கும் தாய்க்கு எத்தனை கலோரி எழுதிக் கொடுப்பது என்று தெரியாமல் நீ திகைப்பதையும் உன் கடிதத்தில் கண்டேன். இத்திகைப்பு நல்ல அறிகுறி. என்னிடம் அது இல்லாமற் போனதால் நேர்ந்த ஒரு பிழையைச் சொல்லியே என் பதிலைத் தொடங்குகிறேன்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் பேரணாம்பட்டிலிருந்து ஒரு தாய் வந்தாள். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் வேலையைக் குழந்தைக்காக விட்டு வீட்டிலிருந்தவள். எடை 70 கிலோ, உயரம் 155 சென்டிமீட்டர். குழந்தைக்கு மூன்று மாதம், ஆகாரம் தாய்ப்பால் மட்டுமே. மற்றப் பெண்களுக்குக் கொடுத்துப் பழகிய 1200 கலோரி அட்டையையே அவளுக்கும் யோசனையின்றிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்துத் தன் எடை நான்கு கிலோ குறைந்த சந்தோஷத்தோடு அவள் வந்தபோது, குழந்தையைத் தராசில் கிடத்திப் பார்த்தேன். நானூறு கிராமாவது ஏறியிருக்க வேண்டிய அக்காலத்தில் நூறு கிராம்தான் ஏறியிருந்தது. பால் போதவில்லையென்று மாமியார் வாங்கி வைத்த பால்மாவு டப்பாவும் அவள் பையில் இருந்தது.

எங்கே தவறினேன் என்பதை அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவளுடைய சரீரம் மட்டும் ஒரு நாளைக்குச் செலவிடுவது ஏறத்தாழ 1900 கலோரி. முதல் ஆறு மாதத்தில் பால் சுரப்பதற்காகத் தாய்க்குக் கூடுதலாக வேண்டியது 600 கலோரி என்றும், அடுத்த ஆறு மாதத்தில் 520 என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ஆம் ஆண்டின் வரையறையில் சொல்கிறது. ஆக அவளது தேவை 2500. நான் கொடுத்தது 1200. எழுநூறு குறைப்பதாக நினைத்துக்கொண்டு ஆயிரத்து முந்நூறு குறைத்திருந்தேன். பாலின் பங்கைக் கணக்கில் சேர்க்க மறந்ததே பிழையின் மூலம்; நம் தொழிலில் இவ்விஷயத்தில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றின் கிளைகள்.

அப்படியானால் எவ்வளவு குறைக்கலாம்? அமெரிக்காவில் ஷெரில் லவ்லேடியும் அவர் குழுவினரும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று இதற்குத் தக்க விடை தருகிறது. எடை மிகுந்த, தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும் 40 தாய்மாரை எடுத்துக்கொண்டு, பிரசவமாகி நான்காம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரம் வரை, ஒரு பகுதியினருக்கு மட்டும் தினம் 500 கலோரி குறையும்படி ஆகாரத்தையும் தேகப்பயிற்சியையும் வகுத்தார்கள். அப்பகுதித் தாய்மார் வாரத்துக்கு அரைக் கிலோ வீதம் இளைத்தார்கள். குழந்தைகளின் வளர்ச்சியோ மற்றப் பகுதியினரின் குழந்தைகளுக்கு எவ்விதத்திலும் குறையவில்லை. ஆனால் இம்முடிவு போஷணை மிக்க, ஸ்தூலமான தாய்மாரைப் பற்றியது என்பதை மறவாதே. மெலிந்தவளும் ரத்தசோகை உள்ளவளும் உன்னிடம் வந்து இளைக்க வேண்டுமென்று கேட்டால், அட்டை எழுதாமல் மருத்துவரிடம் அனுப்பு. ஏனையோருக்கு, பால் நன்றாகச் சுரந்து நிலைக்கும் இரண்டு மாதத்துக்குப் பிறகு தொடங்கு; 500-க்கு மேல் குறைக்காதே; மொத்த ஆகாரத்தை 1800-க்குக் கீழே இறக்காதே; மாதம் இரண்டு கிலோவுக்கு மேல் இளைத்தால் அதை வெற்றியென்று எண்ணாமல் ஆகாரத்தைக் கூட்டு.

அந்த ஐந்நூறையும் எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் உன் திறமை இருக்கிறது. நம் பக்கத்துப் பெண் ஒரு நாளைக்கு ஐந்து டீ குடிக்கிறாள். ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் அதுவே 200 கலோரி. அவள் பங்குக்கு வரும் எண்ணெயில் இரண்டு மேசைக்கரண்டி குறைத்தால் ஏறத்தாழ 250. இரவுச் சோற்றில் ஒரு சிறு கரண்டியை எடுத்துவிட்டால் கணக்கு முடிந்தது. முட்டை, மீன், பருப்பு, கீரை, பால் இவற்றில் கை வைக்காதே. பாலூட்டும் முதல் ஆறு மாதத்தில் அவளுக்குப் புரதம் தினம் 17 கிராம் அதிகமாக வேண்டும். இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் பருப்பும் சேர்ந்தால் அது கிட்டும். பேரணாம்பட்டுத் தாய்க்கும் இந்தக் கிரமப்படியே 2000 கலோரிக்கு எழுதிக் கொடுத்து, பால்மாவை மெல்ல மெல்ல நிறுத்தச் சொல்லி, குழந்தையை அடிக்கடி மார்பில் போடச் சொன்னேன். ஒரு மாதத்தில் குழந்தை தேறியது, அவளும் நிதானமாக இளைத்தாள்.

பால்மாவை ஏன் நிறுத்தச் சொன்னேன் என்பதை நீ நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். சுரப்பை நடத்துவது முதன்மையாக, மார்பிலிருந்து பால் எவ்வளவு வெளியேறுகிறது என்பதே. தேங்கி நின்றால், போதும் என்ற சேதி உள்ளேயே பிறந்து சுரப்பு மட்டுப்படுகிறது. பால்மாவு கொடுத்தால் குழந்தை குறைவாகச் சப்பும். குறைவாகச் சப்பினால் குறைவாகச் சுரக்கும். இதே நியாயம், விடுப்பு முடிந்து ராணிப்பேட்டைக்கும் வாணியம்பாடிக்கும் கம்பெனி வண்டியில் போகும் பெண்ணுக்கும் பொருந்தும். எட்டு மணி நேரம் தையல் மிஷினில் உட்கார்ந்து, ரவிக்கை நனைய நனையத் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு அவள் வீடு திரும்பும்போது, பால் குறைந்ததென்று சொன்னால், குற்றம் உன் அட்டையிலா வேலை நேரத்திலா என்று உனக்கே தெரியாது. ஆகையால் இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்க விடாதே. வேலைக்குத் திரும்பிய முதல் மாதம் முழு ஆகாரம் உண்ணட்டும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யுமிடத்தில் குழந்தைகள் காப்பகமும், நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வர அனுமதியும் உண்டென்று 2017-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வகுத்தது. அதைக் கேட்கச் சொல். அது கிட்டாதவள் மூன்று மணிக்கொரு முறை பாலைப் பீய்ச்சி எடுக்கட்டும். எடுத்த பால் நான்கு மணி நேரம் கெடாதென்பது 25 டிகிரி அறைக்குச் சொன்ன கணக்கு. வேலூர் வெயிலில் அது உடனே குளிர்பெட்டிக்குப் போக வேண்டும்.

பால் குறைந்ததா என்பதை எப்படி அறிவது? மார்பு மெத்தென்று தளர்ந்திருப்பதும், பீய்ச்சினால் கொஞ்சமாக வருவதும் சாட்சியாகா; ஒன்றிரண்டு மாதமானால் நிறையச் சுரப்பவளுக்கும் மார்பு தளர்ந்தே இருக்கும். குழந்தை ஒரு நாளில் ஆறு முறையாவது துணி நனைக்கிறதா, ஒரே தராசில் வாரந்தோறும் எடை ஏறுகிறதா என்ற இரண்டையும் பார். மூன்று மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடையில் வாரம் நூறு கிராமுக்குக் குறைந்தால், ஆகாரத்தில் இருநூறு, முந்நூறு கலோரி திரும்பக் கூட்டு. அதற்கும் அசையாவிட்டால் குழந்தை மருத்துவரிடம் தாமதமின்றி அனுப்பு.

பேரணாம்பட்டுத் தாய்க்கு நான் எழுதிய பழைய அட்டை இன்னும் என் மேசையில் இருக்கிறது. அதில் குழந்தையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நீ எழுதும் ஒவ்வோர் அட்டையிலும் முதல் வரியில் "பாலுக்கு 600" என்றும், குழந்தைக்கு ஆறு மாதம் கடந்திருந்தால் "பாலுக்கு 520" என்றும், இரண்டாம் வரியில் குழந்தையின் எடையையும் எழுதிவிட்டு, மூன்றாவதாகத் தாயின் கணக்கைத் தொடங்கு.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அக்கா