பத்தாண்டுக் கணக்கை எழுதிக் கொடு

அன்புள்ள தம்பிக்கு,

திருவனந்தபுரத்தில் இன்வெர்ட்டர் மாட்டும் தொழிலில் இறங்கியிருக்கிறாய். "மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று வீட்டுக்காரர் கேட்டால் இன்றைய விலையோடு நிறுத்தாதே, பத்தாண்டுச் செலவை எழுதிக் கொடு. உதாரணத்துக்கு இன்வெர்ட்டர் 8,000 ரூபாய், 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி 15,000 ரூபாய் என்று வைப்போம். கையில் கொடுப்பது 23,000. பேட்டரிக்கு ஐந்தாண்டு ஆயுள் என்றால் ஆறாம் ஆண்டில் புதிது வாங்க வேண்டும். பழையதை எடுத்துக்கொண்டு 3,000 கழித்தாலும் 12,000 ஆகும். டிஸ்டில்டு வாட்டருக்கு ஆண்டுக்கு 300 வீதம் 3,000. இதுவரை 38,000.

இதில் பலரும் விட்டுவிடுவது மின்சாரம். இந்த ஊரில் கரண்ட் போவது பெரும்பாலும் மழைக்காலத்தில், கொஞ்ச நேரம்தான். அதனால் பேட்டரியைத் திரும்ப நிரப்பும் செலவு சிறிது. ஆனால் பேட்டரி நிறைந்த பிறகும் இன்வெர்ட்டர் இரவும் பகலும் கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. வாட் மீட்டரைப் பிளக்கில் செருகி, சார்ஜ் முழுதாக ஏறிய பின் பார். முன்னதாகப் பார்த்தால் கணக்கு தப்பும். 15 வாட் காட்டினால் ஆண்டுக்கு 131 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்றால் பத்தாண்டில் ஏறக்குறைய 9,200. ஆக மொத்தம் 47,200, கையில் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு. இன்னொன்றும் உண்டு. கே.எஸ்.இ.பி. வீட்டு பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அதில் 500 யூனிட்டைத் தாண்டினால் படிப்படியான கட்டணம் போய், முதல் யூனிட்டிலிருந்தே ஒரே உயர்ந்த விலை விழும். இரண்டு மாதத்தில் இன்வெர்ட்டர் தானாக இழுப்பது 21 யூனிட்டுக்கு மேல். 490 ஓடும் வீடு அதனாலேயே எல்லை தாண்டும். ஆகவே பழைய பில்லை வாங்கிப் பார்க்காமல் விலை சொல்லாதே.

இப்படிச் சொன்னால் ஆள் மிரண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்பாய். செலவைக் குறைக்கும் வழியையும் அதே தாளில் எழுது. மூன்று சாதாரண ஃபேன், நான்கு எல்.இ.டி. விளக்கு, ஒரு வைஃபை ரூட்டர் சேர்ந்து சுமார் 270 வாட். 150 ஏ.எச். பேட்டரியில் பாதியை மட்டும் செலவழித்து, இன்வெர்ட்டரில் வீணாவதையும் கழித்தால் 720 வாட்-மணி மிஞ்சும். இரண்டே முக்கால் மணி நேரம்கூட வராது. அந்த மூன்று ஃபேனையும் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினால் சுமை 136 வாட், 100 ஏ.எச். பேட்டரியே மூன்றரை மணி நேரம் தாங்கும். ஃபேனுக்கு இன்று பணம் போகும். ஆனால் பேட்டரி இப்போதும் ஆறாம் ஆண்டிலும் சிறிதாக வாங்கினால் போதும், கரண்ட் பில்லும் இறங்கும்.

ஐந்து வருடம் கழித்துப் பேட்டரி என்ன விலை விற்கும் என்று யாருக்குத் தெரியும் என்பது அடுத்த கேள்வி. உண்மைதான், அதனால் 'இன்றைய விலைப்படி' என்று தாளின் தலையிலேயே எழுது. விலை மாறலாம், ஆனால் பேட்டரி மாற்றும் செலவு வந்தே தீரும். அதை மறைத்து விற்றவரைத்தான் ஆறாம் ஆண்டில் வீட்டுக்காரர் குறை சொல்வார்.

அன்புடன்,
உன் மூத்த சக தொழிலாளி