பால் எந்தப் பக்கம் வழிந்தது?

தை முதல் நாள் காலையில் திருப்பூர்ப் பக்கம் தெரிந்தவர் யாரைப் பார்த்தாலும் விசாரிப்பது ஒன்றுதான்: "ஏனுங்க, பால் பொங்கிருச்சுங்களா?" "பொங்கிருச்சுங்க" என்றவுடன் பேச்சு முடிந்துவிட்டால் நல்லது. சில பெரியவர்கள் விடமாட்டார்கள். "எந்தப் பக்கம்?" என்று அடுத்ததைக் கேட்பார்கள். பானைக்குப் பக்கத்தில் நின்ற மருமகளின் முகம் அப்போது சுருங்கினால், பால் தெற்கே வழிந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

நம்பிக்கை: கிழக்கே வழிந்தால் வீட்டில் சுபகாரியம், வடக்கே வழிந்தால் பணவரவு, தெற்கே வழிந்தால் செலவும் நோவும்.

மேற்கைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்றால், அதில் வீட்டுக்கு வீடு பேச்சு மாறுகிறது. பனியன் கம்பெனிக்காரர்கள் குடியிருக்கும் ஒரு லைன் வீட்டு வாசலில் தேனிக் குடும்பமும் திருநெல்வேலிக் குடும்பமும் தாராபுரத்துக் குடும்பமும் அடுத்தடுத்துப் பொங்கல் வைத்தால், ஒரே பக்கம் வழிந்த பாலுக்கு மூன்று பலன் கேட்கலாம்.

உண்மை எளிது. நுரை மேலே வந்தபின் விளிம்பு எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கேதான் வழியும். மண்பானையின் வாயைச் சக்கரத்தில் இழுக்கிறார்கள். அடிப்பாகத்தைப் பிறகு கையால் தட்டி உருட்டுகிறார்கள். அதனால் பானை நேராக உட்காருவது அபூர்வம். அதை மூன்று செங்கல் மேல் வைத்தால் எந்தக் கல் அரை விரல் தாழ்வோ அந்தப் பக்கம் வாயும் சாயும். அடுத்தது தீ. விறகை ஒரு வாயில் மட்டும் தள்ளினால் பானையின் ஒரு பக்கம் முந்திக் கொதிக்கும். தை மாதத்தில் நம் பக்கம் கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் காற்று வருவதால் தீ நாக்கு எதிர்ப்பக்கம் சாயும். கொதி எங்கே கிளம்புகிறது, நுரை எங்கே ஒதுங்குகிறது என்பதை இவை இரண்டும் மாற்றும். என்றாலும் விளிம்பு நன்றாகச் சாய்ந்திருந்தால் அதை மீறுவது கடினம்.

சந்தேகம் இருந்தால் அடுப்புப் பற்றவைப்பதற்கு முன்பே சோதித்துப் பார்க்கலாம். வெறும் பானையை அடுப்பில் ஏற்றி, வாய் தளும்பும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். முதல் சொட்டு எந்தப் பக்கம் வழிகிறதோ, பாலும் பெரும்பாலும் அங்கேதான் வழியும். வடகிழக்கில் வழிய வேண்டுமென்றால் அந்தப் பக்கத்துக் கல்லைக் கொஞ்சம் அமுக்கி வைத்தால் போதும். அனுபவப்பட்ட பாட்டிமார் இதைச் சத்தமில்லாமல் செய்துவிட்டு, வழிந்ததும் "பாத்தியா" என்று பெருமையாகவும் சொல்லிக்கொள்வார்கள். தப்பில்லை. ஆனால் கல் வைக்கத் தெரியாத பெண்ணைப் பார்த்து "இந்த வருசம் செலவுதான்" என்று சொல்வது அநியாயம்.

நம்பிக்கை: சூரியனைப் பார்த்துப் பானை வைத்தால் அது நேர் கிழக்கு.

இல்லை. தை முதல் நாளில் சூரியன் நேர் கிழக்கில் உதிப்பதே கிடையாது. திருப்பூரில் அன்றைக்கு அது கிழக்கிலிருந்து ஏறத்தாழ 21 பாகை தெற்கே தள்ளி எழும்புகிறது. எட்டு மணிக்குப் பார்த்தால் 26 பாகை தெற்கே போயிருக்கும். சூரியனுக்கு நேராக வழிய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் தெரியாமலே தென்கிழக்கைக் கேட்கிறார். தெற்கு ஆகாது என்று பயப்படுகிறவரும் அவர்தான். வாசல் கோலத்தில் சூரியனை வரைந்து, அதைப் பார்த்தபடி பானையை வைப்பது அழகான வழக்கம். திசைக் கணக்கையும் அதன்மேல் ஏற்றும்போதுதான் இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொள்கின்றன.

நம்பிக்கை: காலண்டரில் போட்ட ராகு காலம் தாண்டித்தான் பானை ஏற்ற வேண்டும்.

நேரம் பார்ப்பது சரியா தவறா என்ற வழக்குக்குள் போகவில்லை. பார்ப்பது என்று முடிவு செய்தால், அந்த முறைப்படியாவது சரியாகப் பார்க்கிறோமா என்பதுதான் கேள்வி. ராகு காலம் என்பது சூரியன் உதித்ததிலிருந்து மறையும்வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்து எடுக்கும் ஒரு பங்கு. திங்கட்கிழமைக்கு இரண்டாவது பங்கு. தினசரி காலண்டர் எல்லா ஊருக்கும் எல்லா நாளுக்கும் ஆறு மணிக்கு உதயம், ஆறு மணிக்கு மறைவு என்று வைத்துக்கொண்டு 7.30 முதல் 9 வரை என்று அச்சடித்துவிடுகிறது.

2024-இல் பொங்கல் ஜனவரி 15, திங்கட்கிழமை வந்தது. அன்று திருப்பூரில் சூரியன் உதித்தது சுமார் 6.44-க்கு, மறைந்தது சுமார் 6.16-க்கு. இதை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு 86 நிமிடத்துக்குச் சற்று அதிகம். இரண்டாவது பங்கு 8.10-க்குத் தொடங்கி 9.37-க்கு முடிகிறது. ஏழரைக்குத் தயாராக இருந்தும் "ராகு காலம் வந்திருச்சு" என்று காத்திருந்து, ஒன்பதுக்குப் பானை ஏற்றியவர் கணக்குப்படி ராகு காலத்தின் நடுவில் ஏற்றியிருக்கிறார். அவர் ஒதுக்கிவைத்த ஏழரையில் ராகு காலமே இல்லை. இன்னொன்று: ஆறு மணிக்கே அடுப்பு மூட்டி ஆறரைக்குள் பொங்கவிட்டு, "சூரிய உதயத்தில் பொங்கல் வைத்தோம்" என்று சொன்னவர்களின் பானை, சூரியன் வருவதற்கு முன்பே பொங்கி அடங்கியிருந்தது.

நம்பிக்கை: மார்கழியில் கம்பெனியில் வைக்கும் பொங்கல் கணக்கில் சேராது. சூரியன் வடக்கே திரும்பும் நாள் தை ஒன்றுதான்.

பனியன் கம்பெனிகளில் விடுமுறை விட்டு, தென்மாவட்ட ஆட்கள் பஸ் பிடிப்பதற்குள் பொங்கல் வைத்தாக வேண்டும். அதனால் கட்டிங், டெய்லர், செக்கிங் என்று எல்லோரும் கூடி நிற்கும் கம்பெனி வளாகப் பானை பல இடங்களில் மார்கழிக் கடைசியிலேயே பொங்கிவிடும். இதைக் குறைவாகப் பேசுகிறவர்கள் வானத்தையும் பார்க்க வேண்டும். சூரியன் தென்கோடியிலிருந்து வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-இல், அதாவது மார்கழியின் முதல் வாரத்திலேயே. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இந்தத் திருப்பமும் மகர ராசியில் சூரியன் நுழைவதும் ஒன்றாக இருந்தன. நம் ஆண்டை நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடுகிறோம். அது பருவங்களின் ஆண்டைவிட ஏறத்தாழ 20 நிமிடம் நீளம். வருடத்துக்கு 20 நிமிடம் என்றால் 72 வருடத்தில் ஒரு நாள். பழைய தேதிகளிலேயே இது தெரிகிறது. விவேகானந்தர் பிறந்தது மகர சங்கராந்தி அன்று. அது 1863-ஆம் ஆண்டு ஜனவரி 12. இப்போது நாம் 14, 15 என்கிறோம். இந்தத் தேதிகளுக்கு நடுவில் 1900-ஆம் ஆண்டு லீப் வருடமாகக் கொள்ளப்படாததும் ஒரு நாளைத் தள்ளிவிட்டது.

ஆகவே தை ஒன்று மாதப் பிறப்பு, அறுவடைப் பண்டிகை. அதற்கு மேல் காரணம் வேண்டியதில்லை. வடக்கே திரும்புவதைத்தான் காரணமாகச் சொல்வதென்றால் கம்பெனிப் பானைக்கும் அதே உரிமை உண்டு.

நம்பிக்கை: பாக்கெட் பால் பொங்காது, நெய் விட்டால் நன்றாகப் பொங்கும்.

இரண்டுமே தலைகீழ். பால் சூடேறும்போது அதிலுள்ள புரதம் கீழிருந்து வரும் நீராவிக் குமிழிகளைச் சுற்றி ஆடை கட்டுகிறது. அதனால் குமிழி உடையாமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகிறது. வெறும் தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் வழியாததற்குக் காரணம் இதுதான். பாக்கெட் பாலிலும் அந்தப் புரதம் அப்படியே இருக்கிறது. கொழுப்போ நுரையை உடைக்கும். நுரை ஏறும் நேரத்தில் ஒரு கரண்டி நெய் விட்டால் அது அடங்கிப்போகும். விளிம்பில் நெய் தடவினாலும் வழியாது. அன்றாடம் பால் காய்ச்சும்போது வழியாமலிருக்கப் பலரும் செய்வதுதானே அது. நெய்யைக் கடைசிக்கு வையுங்கள்.

சொந்தக் கறவை இல்லையே என்ற குறையும் வேண்டாம். உடுமலைப் பக்கத்துக் கிராமங்களில் மாட்டுப் பொங்கலன்று கறந்த பால் வீட்டுக்கு அல்ல, சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்கு என்று எடுத்துவைக்கும் வழக்கம் உண்டு.

பொங்காமல் போவதற்கு உண்மையான காரணம் பெரும்பாலும் அளவுதான். ஐந்து லிட்டர் பானையில் ஒரு லிட்டர் பாலை ஊற்றிவிட்டுக் காத்திருந்தால் அடி பிடிக்குமே தவிர வழியாது. முக்கால் பானை நிறைய வேண்டும். ஒரு லிட்டர் பாலோடு, பச்சரிசி களைந்த இரண்டாம் தண்ணீர் இரண்டே முக்கால் லிட்டர் சேர்த்தால் போதும். அரிசி மாவுச்சத்து அந்தத் தண்ணீரில் இருப்பதால் அதுவும் நுரைக்கும். கழுத்து குறுகிய பானையில் அதே நுரை சீக்கிரம் வாய்க்கு ஏறும். அகலமான குண்டானில் பரவி நின்றுவிடும். வழிந்ததும் ஒன்றேகால் லிட்டரை மொண்டு வைத்துவிட்டு அரைக் கிலோ அரிசியையும் 125 கிராம் பாசிப்பருப்பையும் போடுங்கள். மொண்டதை வேகவேகத் திரும்ப ஊற்றிக்கொள்ளலாம். முக்கால் கிலோ வெல்லம் அரிசி குழைந்த பிறகுதான். முந்திவிட்டால் அரிசி வேகாமல் நறுக்கென்று நிற்கும். வெல்லத்தின் லேசான புளிப்பில் பால் திரிந்து போவதும் உண்டு.

பானை விரிசல் விட்டால் அபசகுனம் என்பார்கள். புதுப்பானையை முதல் நாளே தண்ணீரில் ஊறவைக்காமல், எடுத்த எடுப்பில் பெருந்தீயில் வைத்ததும், சூடான பானையில் குளிர்ந்த பாலை ஊற்றியதும்தான் அதன் காரணம்.

நம்பிக்கை: 'பொங்கலோ பொங்கல்' என்று கத்தாவிட்டால் பொங்கியதாகாது.

சத்தத்துக்கும் நுரைக்கும் தொடர்பில்லை. வழிந்துவிட்டது, அரிசி போடலாம் என்று கூட்டத்துக்கு அறிவிக்கும் குரல் அது. தெற்கத்திப் பெண்கள் அதோடு குலவையிடுவார்கள், சிலர் சங்கு ஊதுவார்கள், பிள்ளைகள் தட்டைத் தட்டுவார்கள். கம்பெனியில் பீகார்ப் பையன்களும் சேர்ந்து கத்துவார்கள். அவர்கள் ஊரில் அந்த நாளுக்கு அவலும் தயிரும்தான், அடுப்பே வேண்டாம்.

ஒரே ஒரு இடத்தில் இந்தக் கூச்சல் ஆபத்து. லைன் வீடுகளில் விறகு மூட்ட விடமாட்டார்கள் என்பதால் இப்போது பலரும் வைப்பது கேஸ் அடுப்பில். வழிந்த பால் பர்னரை அணைத்துவிடும். எல்லோரும் கத்திக்கொண்டிருக்கும்போது கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். கத்துகிறவர்கள் கத்தட்டும், ஒருவர் கை மட்டும் அடுப்புக் குமிழிலேயே இருக்கட்டும். வழிந்தவுடன் அணைத்து, பர்னரைத் துடைத்து, மணம் போனபிறகு மறுபடி பற்றவையுங்கள்.