‘வாளபளம்’ என்று எழுதும் குழந்தை

எழுத்துகளைப் புதிதாகக் கற்ற குழந்தை, பார்த்து எழுதாமல் தானாக ஒரு சொல்லை எழுத முயலும்போது, காதில் கேட்ட ஒலியைத் தனக்குத் தெரிந்த எழுத்துகளால் பிடிக்கப் பார்க்கிறது. ஆங்கிலம் வழங்கும் நாடுகளின் தொடக்கப் பள்ளிகளில், இத்தகைய செவிவழி எழுத்து இயல்பானது என்று பெற்றோருக்கு ஆசிரியர் கடிதம் எழுதுவதுண்டு. தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் அப்படியொரு கடிதம் எழுதினால், அவர் முதலில் மூன்று நம்பிக்கைகளைச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

நம்பிக்கை: இது கவனக்குறைவு.

இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று ‘நா வாளபளம் சாப்டே’ என்று எழுதுகிறது என்று கொள்ளலாம். எழுத வேண்டியது ‘நான் வாழைப்பழம் சாப்பிட்டேன்’. சிவப்பு மையால் சுழித்தால் ஒரு சொல்கூடத் தப்பாது. ஆனால் இதை வாய்விட்டுப் படித்தால் வீட்டுப் பேச்சு அப்படியே கேட்கும். பேச்சில் ‘நான்’, ‘சாப்பிட்டேன்’ இரண்டின் இறுதி னகரமும் மூக்கொலியாகக் கரைந்துவிடுகிறது; குழந்தை இரண்டு இடத்திலும் அதை விட்டிருக்கிறது. சொல்லின் நடுவில் வரும் ஐகாரம் குறுகி ஒலிப்பதை இலக்கணமே ஐகாரக் குறுக்கம் என்கிறது. பேச்சில் அது அகரமாகவே ஆகிவிடுவதால் ‘வாழை’ ‘வாள’ ஆயிற்று. தென் மாவட்டங்களில் பலர் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றே. ஆக, மூன்று சொல்லிலும் குழந்தை கவனமாகக் கேட்டே எழுதியிருக்கிறது. உண்மையில் அது கோட்டை விட்டது ஓரிடத்தில்தான்: ‘ப்’ என்ற ஒற்று.

பள்ளி செல்லும் முன்பே தாமாக எழுதத் தொடங்கிய அமெரிக்கக் குழந்தைகளை ஆராய்ந்த சார்லஸ் ரீட், 1971இல் வெளியிட்ட கட்டுரையில் இதையேதான் காட்டினார். ‘ட்ரக்’ என்பதன் முதல் ஒலியைச் சகர ஒலிக்குரிய எழுத்தால் எழுதினார்கள். ‘பம்ப்’ போன்ற சொற்களில் மகரத்தை விட்டார்கள். ஆங்கில ஒலிப்பில் ரகரத்துக்கு முன் வரும் டகரம் சகரத்தை நெருங்குகிறது. அந்த மூக்கொலி மிகக் குறுகியது. பெரியவர்களுக்கு இந்த நுணுக்கங்கள் கேட்பதில்லை, எழுத்தைப் பார்த்துப் பழகிய காது அப்படி.

நம்பிக்கை: உடனே திருத்தாவிட்டால் பிழை படிந்துவிடும்.

இந்தக் கட்டத்தில் குழந்தை மனத்தில் பதிந்த வடிவத்தைப் பார்த்து எழுதுவதில்லை. ஒவ்வொரு முறையும் ஒலியிலிருந்து புதிதாகக் கட்டுகிறது. ஒரே பக்கத்தில் ஒரே சொல் இரண்டு விதமாக வருவது இதனால்தான். கனடாவில் ஜீன் ஊலெட், மோனிக் செனெஷால் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் மழலையர் வகுப்புக் குழந்தைகளில் ஒரு குழுவை நான்கு வாரம் இப்படி எழுதவிட்டார்கள். பின்னர் புதிய சொற்களைப் படிக்கக் கற்றதில், ஒலிப்பயிற்சி மட்டும் பெற்ற குழுவையும் படம் வரைந்த குழுவையும் விட அவர்களே முந்தினார்கள். ஆனால் அந்தக் குழந்தைகளை யாரும் சும்மா விட்டுவிடவில்லை. எழுதியதைவிட ஒரு படி மேலான வடிவம் ஒவ்வொரு முறையும் காட்டப்பட்டது.

நம்பிக்கை: இயல்பான கட்டம் என்றால் தானே சரியாகிவிடும்.

முன்னதற்கு நேர் எதிரான தவறு இது. சில ஆசிரியர்களிடமும் உண்டு. காது கொண்டுவந்து தருவதற்கு எல்லை இருக்கிறது. மேலே சொன்ன குழந்தையிடம் ‘வாளபளம்’ என்பதை எழுதியபடியே படிக்கச் சொன்னால், இரண்டு உயிர்களுக்கு நடுவே தனியாக நிற்கும் பகரம் மெலிந்து ஒலிக்கும். தான் பேசும்போது அங்கே அழுத்தம் இருப்பது அதற்கே பிடிபடும்; ஒற்றைத் தானே சேர்த்துவிடும். ழகரம் அப்படி வராது. வீட்டில் எல்லாரும் ளகரமாக ஒலிக்கையில், எத்தனை முறை நிதானமாகச் சொல்லிப் பார்த்தாலும் அங்கே ழகரம் இருப்பது தெரியப்போவதில்லை. புத்தகத்தில் ‘வாழை’, ‘பழம்’, ‘மழை’ என்று கண்ணால் பலமுறை பார்த்தால்தான் நிலைக்கும். ‘நான்’ என்பதன் னகரமும் ‘வாழை’யின் ஐகாரமும் இந்த வகைதான்: பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளியைப் படித்துத்தான் அறிய வேண்டும். பத்து தடவை எழுதச் சொல்வதில் கை வலிக்குமே தவிர, இந்த இரண்டு வகைப் பிழையும் பிரிந்து தெரியாது.

வீட்டில் செய்யக்கூடியது குறைவு, எளிது. முதலில் எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்பது. பிறகு ஒரு சொல்லை மட்டும் எடுப்பது. கேட்டால் தெரிவதைக் கேட்கவைப்பது, கேட்டாலும் தெரியாததை அச்சில் காட்டுவது. மற்றவற்றை அன்றைக்கு விட்டுவிடலாம்.

கவலைக்கான அறிகுறிகள் வேறு. எழுத்துகள் பழகிய பிறகும் எழுதியதற்கும் ஒலிக்கும் தொடர்பே இல்லாமலிருப்பது, தான் எழுதியதைத் தானே படிக்க முடியாமல் திணறுவது, கரும்பலகையைப் பார்த்து அழகாக எழுதிவிட்டுச் சொல்வதை எழுதச் சொன்னால் வெறும் தாளோடு நிற்பது, மூன்றாம் வகுப்பிலும் அன்றாடம் படிக்கும் சொற்களைக்கூடக் காதால் மட்டுமே எழுதுவது ஆகியவை தொடர்ந்து தென்பட்டால், செவித்திறன், பார்வை, வாசிப்புத் திறன் மூன்றையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.