“கற்பூரம் ஒண்ணும் பண்ணாதுல்ல அக்கா?”

வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு வரி மட்டும் வந்து விழுந்தால் நான் என்ன பதில் சொல்ல? பண்ணும் என்றாலும் தப்பு, பண்ணாது என்றாலும் தப்பு. எந்தக் கற்பூரம், யாருக்கு, எவ்வளவு, சாப்பிடவா தடவவா, எதுவுமே அதில் இல்லை. ‘அக்காகிட்ட ஒண்ணு கேட்டா பத்து திருப்பிக் கேப்பா’ என்று நீங்கள் எல்லாம் அலுத்துக்கொள்வது எனக்குத் தெரியும். பத்தெல்லாம் வேண்டாம், நாலு போதும். கற்பூரத்தையே வைத்துச் சொல்கிறேன். சாமி மாடத்தில் இருக்கும், பொங்கலிலும் விழும், சளிக்கு நெஞ்சிலும் ஏறும் பொருள் அது. ‘நம்ம வீட்டுச் சாமான்தானே’ என்ற நம்பிக்கையில்தான் ஆபத்து வருகிறது.

முதல் கேள்வி, உள்ளே போய்விட்டதா, இனிமேல்தானா? இனிமேல்தான் என்றால் சாவகாசமாகப் பேசலாம். போய்விட்டது என்றால் என் பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது. கற்பூரம் வயிற்றில் சேர்ந்த ஐந்து நிமிஷத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டிவிடும். வாய் எரியும், குமட்டும், குழந்தை நிலைகொள்ளாமல் தவிக்கும். சில சமயம் இந்த அறிகுறி எதுவுமே இல்லாமல் நேராக வலிப்பு வந்துவிடும். ‘நல்லாத்தான் விளையாடிக்கிட்டிருக்கான், பாக்கலாம்’ என்று உட்கார்ந்திருப்பது இந்த ஒரு பொருளுக்குப் பொருந்தாது.

இரண்டாவது, என்ன பொருள்? பெயரைச் சொல்லாதே, பாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பு. ஏனென்றால் பூஜைக்கு ஏற்றும் வில்லையும் கற்பூரம், லட்டிலும் சர்க்கரைப் பொங்கலிலும் போடும் பச்சைக் கற்பூரமும் கற்பூரம். போதாததற்கு, பீரோவில் துணிக்கு நடுவே போடும் அந்துருண்டையைச் சில வீடுகளில் ரச கற்பூரம் என்கிறார்கள். அது கற்பூரமே இல்லை, பெரும்பாலும் நாப்தலீன். கெடுதலும் வேறு விதம். கற்பூரம் மூளையைத் தாக்கி வலிப்பைக் கொண்டுவரும், அதுவும் சீக்கிரமாக. நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அது ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். குழந்தை வெளுத்துப்போகும், கண் மஞ்சளாகும், சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போகும்.

பாக்கெட் இல்லாமல் துண்டு மட்டும் கையில் இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார். கற்பூரம் மிதக்கும், நாப்தலீன் மூழ்கும். ஆனால் இதை இன்னொருவர் பார்க்கட்டும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீ கிளம்பு.

மூன்றாவது யாருக்கு, நாலாவது எவ்வளவு. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க முடியும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒன்றரை வயசுக் குழந்தை, எடை பத்து கிலோ. பூஜை டப்பா திறந்து கிடக்கிறது, குழந்தையின் வாயில் கற்பூர வாசம். எத்தனை வில்லை போனது என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு கிலோ எடைக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போயிருந்தால் குழந்தைக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பது நச்சு மருத்துவத்தில் வைத்திருக்கும் வரம்பு. பத்து கிலோவுக்கு அது 300 மில்லிகிராம். வில்லையின் எடையைப் பாக்கெட்டிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். 10 கிராம் பாக்கெட்டில் இருபது வில்லை இருந்தால் ஒன்று 500 மில்லிகிராம். ஆக, முக்கால் வில்லை போயிருந்தாலே வரம்பு தாண்டியாகிவிட்டது. எத்தனை போனது என்று தெரியாவிட்டால், டப்பாவில் குறைகிறது எல்லாம் உள்ளே போயிருக்கிறது என்றே வைத்துக்கொள். 108-ஐக் கூப்பிடு, டப்பாவையும் கையோடு எடுத்துப் போ.

அங்கே போகும்வரை செய்யக் கூடாததுதான் அதிகம். விரலை விட்டு, உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாந்தி வரும் நேரத்தில் வலிப்பும் வந்தால் எல்லாம் நுரையீரலுக்குள் போய்விடும். பாலோ எண்ணெயோ கொடுத்து ‘முறிக்கிற’ வேலையும் வேண்டாம். கற்பூரமும் நாப்தலீனும் கொழுப்பில் கரைகிறவை, பால் கொடுத்தால் உடம்பு இன்னும் வேகமாக இழுத்துக்கொள்ளும். வாயில் மிச்சம் ஒட்டியிருந்தால் துடைத்து எடு. வலிப்பு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் திணிக்காதே.

அதே பொருள், வேறு ஆளுக்கு, வேறு அளவில் என்றால் பதிலே மாறிவிடும். பெரியவர்கள் சாப்பிடும் ஒரு பானைப் பொங்கலில் கடுகளவு பச்சைக் கற்பூரம் நுணுக்கிப் போட்டால் பயப்பட ஒன்றுமில்லை. கட்டி கட்டியாகப் போட்டால் வாயில் வைக்கவும் முடியாது, நல்லதும் இல்லை. சாப்பிடும் கற்பூரம் என்பதால் அது சாது என்று நினைக்காதே. சுத்தம் அதிகம், அவ்வளவுதான். அளவு மீறினால் அதுவும் வலிப்பைத்தான் கொண்டுவரும். பூஜை வில்லையை மட்டும் எந்த அளவிலும் சமையலில் சேர்க்காதே. ஏற்கெனவே வலிப்பு நோய் உள்ளவர்களும், வயிற்றில் பிள்ளை இருப்பவர்களும் சளிக்கு, இருமலுக்கு என்று கற்பூரத்தை உள்ளுக்குச் சாப்பிடவே வேண்டாம். அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும்.

தடவுவதற்கு வருவோம், நம் வீடுகளில் அதிகம் நடப்பது இதுதானே. தேங்காயெண்ணெயைக் காய்ச்சிக் கற்பூரத்தைப் போட்டு, கைக்குழந்தையின் நெஞ்சிலும் மூக்கிலும் தேய்ப்பது. இரண்டு வயசுக்குக் கீழே இது கூடாது. அந்தத் தோல் மெல்லியது, மூச்சுக்குழாய் சின்னது, தேய்த்த கையைக் குழந்தை வாயில் வைத்துச் சப்பும். கடையில் வாங்கும் தைலத்தில் கற்பூரம் எத்தனை சதவீதம் என்று லேபிளிலாவது போட்டிருக்கும். நீ காய்ச்சிய எண்ணெயில் எத்தனை என்று உனக்கே தெரியாது. அமெரிக்காவில் இந்தக் கற்பூர எண்ணெயை விளக்கெண்ணெய் என்று நினைத்து உள்ளுக்குக் கொடுத்து விபரீதங்கள் நடந்தன. அதனால் 1980-களில் அதன் விற்பனையையே தடுத்து, தடவும் மருந்துகளில் 11 சதவீதத்துக்கு மேல் கற்பூரம் கூடாது என்று வைத்தார்கள். நம் வீட்டிலும் அந்த எண்ணெய் பெயர் ஒட்டாத பழைய பாட்டிலில்தான் இருக்கும், அதுவும் பெரும்பாலும் அடுப்படி அலமாரியில். வைக்கத்தான் வேண்டுமென்றால் பெரிதாக எழுதி ஒட்டி, எட்டாத உயரத்தில் வை.

தின்னாமல், தடவாமலேயே கெடுக்கும் வழி ஒன்றும் உண்டு. அந்துருண்டை போட்டு வைத்த பழைய போர்வையையும் சட்டையையும் பீரோவிலிருந்து எடுத்த கையோடு பிறந்த குழந்தைக்குச் சுற்றுவது. G6PD என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு அந்த வாடையே போதும், ரத்தம் உடைந்து மஞ்சள் காமாலை ஏறிவிடும். குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் குழந்தைத் துணி இருக்கும் பீரோவில் அந்துருண்டையே வேண்டாம்.

அடுத்த தடவை “எட்டு மாசம், எட்டு கிலோ, சளி. பூஜைக் கற்பூரம் ஒரு வில்லை தேங்காயெண்ணெயில் காய்ச்சி வச்சிருக்கேன், இன்னும் தடவலை” என்று எழுதி அனுப்பு. உடனே பதில் வரும்: தடவாதே, கொட்டிவிடு.