சிறு சமையலறையும் முக்கோணக் கணக்கும்

சமையலறையில் கழுவுதொட்டி, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி ஆகிய மூன்றையும் கோடிட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். 1940களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இக்கணக்கு வகுக்கப்பெற்றது. ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 9 அடி, மூன்றும் சேர்ந்து 13 முதல் 26 அடி என்பது அதன் விதி.

நம் அடுக்ககங்களில் காணும் 7 அடி அகலம், 8 அடி நீளமுள்ள அறையை எடுத்துக்கொள்வோம். தென்சுவரில் சாளரத்தின் கீழ்த் தொட்டி, கீழைச்சுவரில் அடுப்பு, மேலைச்சுவரில் வாயிலருகே குளிர்பதனப் பெட்டி. 'ட' வடிவ மேடையின் அகலம் 2 அடி. இவ்வமைப்பில் பக்கங்கள் ஏறத்தாழ 4, 3¾, 4½ அடி வரும். கூட்டினால் 12 அடிக்குச் சற்றே மேல். விதிக்குக் குறைவுதான். ஆயினும் நடை குறைவதால் தீங்கில்லை. வேலை செய்யும் மேடை சுருங்குவதே தீங்கு. ஆகவே தொட்டியை மேற்கு ஓரத்திற்கு ஒதுக்கி, அதற்கும் மூலைக்கும் இடையே 2½ அடி வெற்றிடம் விடுக. அரிவதும் பிசைவதும் அங்கேதான். பாத்திரங்களைத் தரையில் இறக்கி வைக்க நேர்கிறதெனில் இந்த இடம் போதவில்லை என்று அறியலாம்.

இனி, நம் பழக்கத்தைப் பார்ப்போம். இரண்டு நாள் ஒரு தாளைச் சுவரில் ஒட்டி, எதற்காக எங்கே நடந்தீர்கள் என்று கோடு போட்டு வாருங்கள். குளிர்பதனப் பெட்டியைத் திறப்பது சில முறையே. அரிசி, பருப்பு டப்பாக்களையும், துணியில் வடித்த நீர்க்குடத்தையும் நாடுவதே மிகுதி என்பது பல வீடுகளில் புலப்படும். அவ்வாறாயின் மூன்றாவது முனை தானிய இழுப்பறையே. அதை அந்த 2½ அடி மேடையின் கீழும், நீர்க்குடத்தைத் தொட்டியை ஒட்டியும் அமைத்திடுக.

குளிர்பதனப் பெட்டி கூடத்திற்குச் செல்லட்டும். அது உள்ளே நின்றால் அதற்கும் எதிர்மேடைக்கும் இடையே 3 அடிதான் எஞ்சும். பொழுது சாயுமுன் உணவு முடிய வேண்டிய வீட்டில், மாலை நேரத்தில் மாமியாரும் மருமகளும் ஒருங்கே நிற்பர். இருவர் விலகிச் செல்ல 4 அடியாவது வேண்டும். பெட்டி வெளியேறினால் 5 அடி கிடைக்கும்.

மாடுலர் பெட்டிகளில் அடிக்கடி நேரும் குறை மூலையில்தான். இரு பக்க இழுப்பறைகளின் கைப்பிடிகளும் ஒன்றோடொன்று மோதும். மூலையின் இருபுறமும் 3 அங்குலப் பட்டை விடுமாறு தச்சரிடம் முன்னரே கூறுக. பெட்டி செய்து வந்தபின் திருத்துவது அரிது.

பணம் கொடுக்குமுன், தரையில் சுண்ணக்கட்டியால் மேடையை உண்மை அளவில் வரைந்து, இழுப்பறை திறக்கும் நீளத்தையும் குறித்து, சாம்பார் வைப்பதாகப் பாவித்து ஒருமுறை நடந்து பாருங்கள். வீட்டிலுள்ள மற்றொருவரையும் உடன் நிறுத்திக்கொள்க.